வெள்ளை நூலில் தைத்த மைட்டோகாண்ட்ரியா

தெருவுக்கே அவள் டெய்லர் வீட்டம்மா. கடையில் டெய்லர் தைப்பார். பட்டன் துளைக்குக் காஜா எடுப்பது, பட்டன் வைப்பது, இஸ்திரி போட்டு மடிப்பது எல்லாம் அவள் பொறுப்பு. பதினாலு வருடமாக இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவளும் குறை என்று ஒன்றும் சொன்னதில்லை. ஆனால் மூன்று வருடத்துக்கு முன்னால் குடல்வால் அறுவைக்காக ஆஸ்பத்திரியில் படுத்தாள் பாருங்கள், அங்கேதான் மனசு மாறிப்போனது.

பயத்தில் பல் கிட்டிப்போய்க் கிடந்தவளின் கையை ஓர் உதவி நர்ஸ் வந்து பிடித்துக்கொண்டாள். "நான் இங்கதான் இருக்கேன், எங்கயும் போகல" என்றாள். அவ்வளவுதான். மயக்க மருந்து ஏறும்வரை அந்தக் கை விலகவில்லை. வீட்டுக்கு வந்து தையல் பிரித்த அன்றே அவள் புருஷனிடம் சொல்லிவிட்டாள்: "ஏங்க, எனக்கு அந்த வேலைக்குப் போகணும்."

"அப்போ காஜா யாரு எடுப்பா?" என்று டெய்லர் சிரித்தார். சிரித்தவர்தான் அன்று சாயங்காலமே நாலு பேரை விசாரித்து வந்தார். உதவி நர்ஸ் பயிற்சிக்குப் பத்தாவது பாஸாகியிருக்க வேண்டும். வயது முப்பத்தைந்துக்குள் இருக்க வேண்டும். அவள் படித்தது எட்டு வரை. டெய்லர் படித்தது அஞ்சு வரை. "பரவால்ல, என்னவிட மூணு கிளாஸ் மேல இருக்க" என்று அவளை மாலை வகுப்பில் சேர்த்துவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் அவளுக்கு 'நர்சம்மா' என்றே பெயர். சமைத்தது உப்புக் கரித்தாலும் "நர்சம்மா, பேஷண்ட்டுக்கு பிபி ஏறுது" என்பார்.

போன வருடப் பரீட்சையில் எல்லாப் பாடமும் பாஸ். அறிவியல் மட்டும் இருபத்தொன்பது. வேண்டியது முப்பத்தைந்து. அந்த ஆறு மார்க் அவளை ஒரு வருடம் தூங்கவிடவில்லை. இந்த வருடம் விட்டால் வயது தாண்டிவிடும். பிறகு தலைகீழாக நின்றாலும் பயிற்சிக்குள் நுழைய முடியாது. இது கடைசி வாய்ப்பு.

"அக்கா, மத்ததெல்லாம் முன்னப்பின்ன இருந்தாலும் சமாளிச்சுடலாம்" என்றாள் மாலை வகுப்பு டீச்சர். அவளைவிடப் பத்து வயது சின்னப் பெண். "தாவர செல், விலங்கு செல் படம் வருஷா வருஷம் வருது. ரெண்டு படத்தையும் குடுத்து, எது எதுன்னு கண்டுபிடிச்சு, கோடு போட்டுப் பேரெழுதுன்னு கேக்கறான். பத்து மார்க். நீங்க கோட்டை விட்டது அங்கதான்."

அந்தப் பத்து மார்க் கேள்வி டெய்லர் காதுக்கும் போனது. மறுநாள் விடிந்ததும் அவளுடைய புத்தகத்தைக் கடை மேஜையில் விரித்து வைத்துக்கொண்டு, துணி வெட்டுகிறவர் அளவு பார்ப்பது போல் அந்த இரண்டு படங்களையும் உற்றுப் பார்த்தார்.

"இது ரெண்டும் என்ன, மாம்பழத்தை நறுக்கின மாதிரி?"

"சும்மா இருங்க. இது தாவர செல். இது விலங்கு செல். இதுக்கு வெளிய செல் சுவர், அதுக்குள்ள செல் சவ்வு. அதுக்குச் சுவரே கிடையாது, சவ்வு மட்டும்தான்."

டெய்லர் தாடையைச் சொறிந்தார். "அட, செடி கோட்டு போட்டிருக்கு. உள்ள லைனிங். நாம எல்லாரும் வெறும் லைனிங்கோட திரியறோம். இதைப் போயி மறப்பியா?"

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அதற்கப்புறம் செல் சுவரை அவள் மறக்கவே இல்லை.

டெய்லருக்கு அதோடு திருப்தி வந்துவிடுமா? வெட்டுத் துணிப் பெட்டியைக் கவிழ்த்தார். ஒரு மாதம், கடை திறப்பதற்கு முன்னால் தினம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, பழைய திரைச்சீலையில் இரண்டு பெரிய செல்களைத் தைத்தார். பள்ளிக்கூடச் சீருடையின் பச்சைத் துணியில் பசுங்கணிகம். சிவப்புச் சட்டைத் துண்டில் மைட்டோகாண்ட்ரியா. ஊதாவில் உட்கரு. தாவர செல்லின் நடுவில் பெரிதாக ஒரு வெளிர்நீல நுண்குமிழி. அது இடத்தை அடைத்துக்கொண்டதால் உட்கரு ஓரமாக ஒதுங்கியிருந்தது. விலங்கு செல்லில் நுண்குமிழிகள் சின்னச் சின்னதாக, உட்கரு நடுவாக்கில். சென்ட்ரியோலுக்கு மஞ்சள். கடைக்கு வந்தவர்கள் எல்லாம் "என்ன டெய்லர், புது டிசைனா?" என்று கேட்டார்கள். அவருக்குப் பெருமை தாங்கவில்லை. காஜா எடுத்துக்கொண்டே அவள் நிமிர்ந்து பார்ப்பாள். பச்சை, பசுங்கணிகம். சிவப்பு, மைட்டோகாண்ட்ரியா. ஒரே வாரத்தில் பத்துக்குப் பத்து சொன்னாள்.

பரீட்சைக்கு ஒன்றரை மாதம் இருக்கும்போது மாதிரித் தேர்வு வைத்தார்கள். விடைத்தாளைத் திருப்பித் தரும்போது டீச்சர் அவள் பக்கத்தில் வந்து நின்றாள். கொஞ்சம் தயங்கினாள்.

"அக்கா, விலங்கு செல்லுல பசுங்கணிகம் போட்டிருக்கீங்க. அப்படி இருந்தா நாம அடுப்பே பத்த வெக்க வேணாமே. வெயில்ல போயி நின்னா போதும், வயிறு ரொம்பிடும்."

வகுப்பே சிரித்தது. அவளும் சேர்ந்துதான் சிரித்தாள். தெருமுனை திரும்பியதும் கண் பொலபொலவென்று கொட்ட ஆரம்பித்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள்.

டெய்லர் மெஷினை நிறுத்தினார். "யாரு என்ன சொன்னது?"

"யாரும் ஒண்ணும் சொல்லல. படம் கறுப்பு வெள்ளையில வந்துச்சுங்க. ரெண்டும் நீள் வட்டமா, ஒண்ணு போல இருந்துச்சு. பச்சை எது, சிவப்பு எதுன்னே தெரியல."

டெய்லர் சுவரில் தொங்கிய தன் திரைச்சீலையைப் பார்த்தார். ஒரு மாத உழைப்பு அது. பிறகு எழுந்து போய்க் கழற்றி மேஜை மேல் போட்டார். தையல் பிரிக்கிற கத்தியை எடுத்தார்.

"ஐயோ, என்ன பண்றீங்க!"

"தப்பா வெட்டினது தப்பாத்தான் வெட்டினது. மாட்டி வெச்சு அழகு பாக்கவா முடியும்? பரீட்சையில கலர் வராதுன்னு எனக்குத் தோணவே இல்ல பாரு. நல்லது பண்றேன்னு உன் கண்ணைக் கட்டிட்டேன்."

அவள் தடுத்துப் பார்த்தாள். கேட்கவில்லை மனுஷன். பச்சையும் சிவப்பும் ஒவ்வொன்றாகப் பெயர்ந்து விழுந்தன. அவளுக்கு மார்க் போனதைவிட அதுதான் அதிகம் வலித்தது.

மறுநாள் காலையில் அவர் புத்தகத்தை மறுபடி விரித்தார். இந்தத் தடவை நிறத்தைப் பார்க்கவில்லை. "இதுக்குள்ள என்ன இருக்கு, அதுக்குள்ள என்ன இருக்கு, அதைச் சொல்லு" என்றார். அவள் அன்றைக்குத்தான் உண்மையிலேயே பார்த்தாள். மைட்டோகாண்ட்ரியா, பசுங்கணிகம் இரண்டுக்கும் வெளியே இரட்டைக் கோடு. மைட்டோகாண்ட்ரியாவுக்குள் உள்கோடு மடிந்து மடிந்து உள்ளே நுழைந்து வருகிறது, சுருக்கம் வைத்துத் தைத்த பாவாடை விளிம்பு மாதிரி. பசுங்கணிகத்துக்குள் மடிப்பு இல்லை. வட்டத் தட்டுகள் அடுக்கடுக்காக நிற்கின்றன.

"அப்படிச் சொல்லு! இது சுருக்கு, அது அடுக்கு" என்றார் டெய்லர்.

பிறகு எல்லாவற்றையும் வெள்ளைத் துணியில் வெள்ளை நூலால் தைத்தார். ஒவ்வொரு பாகத்துக்குப் பின்னாலும் ஒரு பிரஸ் பட்டன். செல்லுக்குள் அங்கங்கே பட்டனின் மறுபாதி. காலையில் பாகங்களை எல்லாம் குலுக்கி, தலைகீழாகவும் சாய்த்தும் மாட்டி வைப்பார். "இடத்தை வெச்சு மனப்பாடம் பண்ணாத. சட்டையைத் தலைகீழா மாட்டினா காலரைக் கைன்னு சொல்லுவியா?" என்பார். அவள் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிச் சொல்ல வேண்டும். உருண்டையாக, உள்ளே இன்னொரு சின்ன உருண்டையோடு இருந்தால் உட்கரு. தட்டையான பைகள் வளைந்து ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தால் கோல்கை உறுப்பு. சுருக்கு இருந்தால் மைட்டோகாண்ட்ரியா. அடுக்கு இருந்தால் பசுங்கணிகம்.

அப்படியும் மைட்டோகாண்ட்ரியா மட்டும் அவளை விடாமல் படுத்தியது. அவசரத்தில் அதைத் தாவர செல்லில் குறிக்காமல் விட்டுவிடுவாள். செடிக்குப் பசுங்கணிகம், மிருகத்துக்கு மைட்டோகாண்ட்ரியா என்று கணக்குப் போட்டுவிடுவாள். "ரெண்டுலயும் உண்டு, ரெண்டுலயும் உண்டு" என்று டெய்லர் மெஷின் மிதித்துக்கொண்டே சொல்லுவார். சட்டை வாங்க வந்தவர்கள் முழிப்பார்கள்.

பரீட்சை நாள் வந்தது. ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறை. டெய்லர் தைத்துக் கொடுத்த பென்சில் பையைத் திறந்து காட்டி உள்ளே போனாள். கண்காணிப்பாளர் ஒல்லியாக, சிரிப்பே வராத முகத்தோடு இருந்தார். "துண்டுச் சீட்டு, குறிப்பு எது இருந்தாலும் இப்பவே வெளிய வெச்சிடுங்க. அப்புறம் பிடிபட்டா தேர்வு ரத்து" என்று சத்தமாக வாசித்தார். அவள் தன்னிடம் என்ன இருக்கப்போகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

கேள்வித்தாளின் மூன்றாம் பக்கத்தில் அது இருந்தது. படம் அ, படம் ஆ. கோடு இழுத்துப் பாகங்களைக் குறி. எது எந்த செல் என்று எழுது. மூன்று வேறுபாடுகள் தா. மை கொஞ்சம் ஈஷியிருந்தது. கோடு போட ஸ்கேல் எடுக்கப் பைக்குள் கைவிட்டாள். உள் பாக்கெட்டில் விரல் எதிலோ பட்டது.

பார்க்கவேண்டிய தேவையே இல்லை. விரலுக்குத் தெரிந்துவிட்டது. சுருக்கு. மைட்டோகாண்ட்ரியா.

அந்த மனுஷன்தான் வைத்திருக்கிறார். பரீட்சை ஹாலைக் கண்ணால் கூடப் பார்த்திராத மனுஷன், அவள் தடுமாறுவது இதில்தான் என்று, துணைக்கு இருக்கட்டும் என்று வைத்திருக்கிறார். அடப்பாவி மனுஷா! இது பிடிபட்டால் ரத்து. ரத்து ஆனால் வயது தாண்டிவிடும். எல்லாம் முடிந்துவிடும்.

அப்படியே உள்ளே தள்ளிவிட்டால் யாருக்குத் தெரியும்? அரை நிமிஷம் அப்படித்தான் நினைத்தாள். ஆனால் பையைத் திறக்கும்போதெல்லாம் நினைப்பு அதிலேயே நிற்கும், பேனா ஓடாது. அதைவிட, நாளைக்கு ஒருத்தி படுக்கையில் கிடந்து இவள் கையை நம்பிப் பிடிக்கப்போகிறாள். இந்தக் கை திருட்டுக்கையாக இருக்க அவளுக்குப் பிடிக்கவில்லை. எழுந்து நின்றாள்.

"சார். என் பையில இது இருந்துச்சு. எனக்கு இப்பதான் தெரியும்."

எல்லாத் தலையும் திரும்பியது. கண்காணிப்பாளர் அந்த வெள்ளைத் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்ன இது?"

"மைட்டோகாண்ட்ரியா சார்."

"என்னது?"

"மூணாம் பக்கத்துக் கேள்வியில வர்ற ஒரு பாகம் சார். என் வீட்டுக்காரர் டெய்லர். எனக்குப் படிக்கச் சொல்லிக் குடுக்கத் தெச்சார். கொண்டுவரக் கூடாதுன்னு அவருக்குத் தெரியாது."

அவர் தலைமைக் கண்காணிப்பாளரைக் கூப்பிட்டனுப்பினார். அந்த அம்மா வந்து, கேட்டு, ஒரு தாளில் எழுதி, இவளிடம் கையெழுத்து வாங்கி, துணியை உறையில் போட்டு ஒட்டினாள். "நீங்களே குடுத்ததால எழுத விடறேன். ஆனா இதை மேல அனுப்பித்தான் ஆகணும். மார்க்கை நிறுத்தி வெப்பாங்களா மாட்டாங்களான்னு என்னால சொல்ல முடியாது." இதெல்லாம் முடியப் பன்னிரண்டு நிமிஷம் போய்விட்டது.

உட்கார்ந்தாள். எழுத்தெல்லாம் கண்ணுக்குள் மிதந்தது. கண்ணை மூடினாள். இடது உள்ளங்கையில் வலது விரலால் மெல்லத் தடவினாள். உருண்டைக்குள் உருண்டை. வளைந்த பைகள். அடுக்கு. சுருக்கு. கடையில் மெஷின் ஓடுகிற சத்தம் கூடக் கேட்டது போலிருந்தது. ரெண்டுலயும் உண்டு, ரெண்டுலயும் உண்டு.

கண்ணைத் திறந்தபோது படம் தெளிந்திருந்தது. கோட்டுக்கு வெளியே இன்னொரு கோடு போட்டிருப்பது படம் ஆ. அதுதான் கோட்டுப் போட்டது, தாவர செல். ஸ்கேலை வைத்து, ஒரு கோடு இன்னொன்றை வெட்டாமல், நுனி பாகத்தைத் தொடும்படி இழுத்தாள். பசுங்கணிகம் ஆ-வில் மட்டும். சென்ட்ரியோல் அ-வில் மட்டும். மைட்டோகாண்ட்ரியா இரண்டிலும். நேரம் போதாமல் கடைசியில் ஒரு இரண்டு மார்க் கேள்வியை விட்டுவிட்டு எழுந்தாள்.

வாசலில் டெய்லர் காத்துக்கொண்டிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "உள் பாக்கெட்டைப் பாத்தியா?"

திட்டவேண்டும் என்றுதான் அறையிலிருந்து வெளியே வரும்வரை நினைத்திருந்தாள். என்னென்ன சொல்லித் திட்டுவது என்று வரிசை கூடப் போட்டு வைத்திருந்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் வரிசையெல்லாம் மறந்துபோனது.

"பாத்தேன். தைரியமா இருந்துச்சு."

"எனக்குத் தெரியும்! குடு, கேள்வித்தாளைக் குடு." வழியிலேயே மூன்றாம் பக்கத்தைத் திருப்பி, அஞ்சாம் வகுப்புப் படித்த அந்த ஆள் ஒவ்வொரு பாகமாகத் தொட்டுச் சொல்லிக்கொண்டு வந்தார். ஒன்று கூடத் தப்பவில்லை. "எல்லாம் இப்படித்தான எழுதின?" என்றார். "எல்லாம்" என்றாள்.

ஆறு வாரம் அவள் அதைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டாள். "அந்த ஒண்ணை எங்க வெச்ச? செல்லு மூளியா இருக்கு" என்று அவர் கேட்டபோது தொலைந்துபோச்சு என்றாள். தபால்காரர் மணி அடித்தாலே டெய்லருக்கு முந்தி வாசலுக்கு ஓடினாள். ராத்திரி அவர் குறட்டையைக் கேட்டுக்கொண்டே படுத்திருப்பாள். இந்த மனுஷனுக்குத் தெரிய வேண்டாம், தோற்றாலும் என் தோல்வியாகவே இருக்கட்டும் என்று நினைப்பாள்.

முடிவு வந்தது. அறிவியல் ஐம்பத்தேழு. நிறுத்தி வைக்கவில்லை. டீச்சர்தான் ஓடிவந்து சொன்னாள். அவள் காஜா எடுத்துக்கொண்டிருந்த சட்டையை அப்படியே முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள்.

"பாஸானதுக்கு இப்படியா அழுவாங்க?" என்றார் டெய்லர். அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னாள்.

அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். ஊசியில் நூல் கோக்கப் பார்த்தார். நூல் காதுக்குள் போகவே இல்லை. "என்னால போயிருக்கும்" என்றார். "ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீங்க சாப்பிட்டிருப்பீங்களா? தூங்கியிருப்பீங்களா?"

"நீ தூங்கினியா?"

டெய்லர் மூக்கைச் சிந்திக்கொண்டார். பிறகு ரொம்பக் கண்டிப்பான குரலில் சொன்னார்: "இனிமே உன் பையில நான் ஒண்ணும் வெக்க மாட்டேன். இது சத்தியம்."

வார்டுப் பயிற்சியின் முதல் நாள். சீருடையை அவரே தைத்திருந்தார், வெள்ளைவெளேரென்று. கிளம்புவதற்கு முன்னால் அவள் கைப்பையின் உள் பாக்கெட்டுகளை எல்லாம் ஒன்றுவிடாமல் துழாவினாள். காலி. சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார். நிம்மதியாகத்தான் இருந்தது, ஆனால் கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்?

வார்டில் ஒரு பெண் அறுவைக்குக் காத்துக்கொண்டிருந்தாள். உதடு உலர்ந்து, கண் சுழன்று சுழன்று வந்தது. இவள் போய்ப் பக்கத்தில் நின்றாள். ஒரு கையால் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தாள். இன்னொரு கையைச் சீருடைப் பாக்கெட்டுக்குள் விட்டாள். உள்பக்கத் துணியில் விரல் எதிலோ இடறியது. வெள்ளையில் வெள்ளை நூல், யார் கண்ணுக்கும் தெரியாது. மடிந்து மடிந்து உள்ளே போய் வருகிற ஒரு கோடு.

பையில்தானே வைக்க மாட்டேன் என்றார், கள்ள மனுஷன்.

"பயப்படாதீங்க" என்றாள் அந்தப் பெண்ணிடம். "நான் இங்கதான் இருக்கேன்."